பெரிய எண் என்றால் பயமில்லையா?
தரவுத்தாளில் இருக்கும் எலிக் கணக்கைப் பற்றி

நாம் வந்து சேர்ந்த நாடுகளில் எம்மவர் பலருக்கு முதலில் கிடைக்கும் வேலை தொழிற்சாலை வேலை, துப்புரவு வேலை, அல்லது வீடு திருத்தும் வேலை. இந்த மூன்றிலும் ஏதாவது ஒரு திரவத்தோடுதான் நாள் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ ஒன்று, பசை ஒட்ட ஒன்று, பழைய பெயின்றை உரிக்க ஒன்று. அந்தத் திரவத்தை விற்பவர் அதற்கென ஒரு பாதுகாப்புத் தரவுத்தாள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலான வேலைத்தலங்களில் அது ஒரு கோவையில் தூசி படிந்து கிடக்கும். கேட்டால் எடுத்துத் தருவார்கள். பதினாறு பகுதிகள் கொண்ட அந்தத் தாளின் பதினோராம் பகுதியில் இப்படி ஒரு வரி இருக்கும்: எல்.டி. 50, வாய்வழி, எலி, 1600 மி.கி./கி.கி.

இந்த வரியை எம்மவர் இரண்டு விதமாக வாசிப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். ஒரு பகுதியினர் மரணம் என்ற சொல்லைப் பார்த்ததும் வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறார்கள். மற்றப் பகுதியினர், "ஆயிரத்து அறுநூறு என்றால் எவ்வளவு பெரிய எண், ஒரு மனுசன் அவ்வளவு குடிக்கவா போறான், இது பயமில்லை" என்று சொல்லி யன்னலைக்கூடத் திறக்காமல் வேலை செய்கிறார்கள். இரண்டுமே பிழையான வாசிப்பு. இரண்டாவது உயிரையே எடுக்கக்கூடியது. அந்த எண் எங்கிருந்து வருகிறது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்தால் இந்தப் பிழை வராது. நாங்கள் வைத்தியர்களோ விஞ்ஞானிகளோ அல்ல. ஆனாலும் சாதாரண தரக் கணிதம் படித்தவர் எவரும் இந்தக் கணக்கை வரைபுத்தாளில் போட்டுப் பார்க்கலாம். நாங்களும் அப்படித்தான் போட்டுப் பார்த்தோம்.

கிணறும் கிணற்றுக்கட்டும்

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். நச்சியல் படித்தவர்கள் தீங்குத்தன்மை என்று ஒன்றையும் ஆபத்து வாய்ப்பு என்று வேறொன்றையும் சொல்கிறார்கள். நாம் பேச்சில் இரண்டையும் "ஆபத்து" என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஊரில் எங்கள் வளவுக் கிணறுகளை நினைத்துப் பாருங்கள். இருபது முழ ஆழக் கிணற்றுக்குள் விழுந்தால் ஆள் சாகலாம். அது கிணற்றின் தீங்குத்தன்மை. கட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வளவில் குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது மாறாது. ஆனால் இடுப்பளவு கட்டு எழுப்பிய கிணற்றடியில் பெரியவர் ஒருவர் தண்ணீர் அள்ளுவதும், கட்டில்லாத கிணற்றடியில் தவழும் பிள்ளையை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போவதும் ஒன்றல்ல. விபத்து நேரக்கூடிய வாய்ப்பு இரண்டிலும் வேறு. அதுதான் ஆபத்து வாய்ப்பு.

ஒரு திரவத்துக்கும் இதே கதைதான். தீங்குத்தன்மை அந்தப் பொருளோடு கூடப் பிறந்தது. ஆபத்து வாய்ப்பு என்பது அந்தத் தீங்குத்தன்மையும் நமது உடலுக்குள் போகும் அளவும் சேர்ந்து வருவது. எவ்வளவு போகிறது, எந்த வழியால் போகிறது, எவ்வளவு நேரம் போகிறது என்ற மூன்றையும் கேட்காமல் ஆபத்து வாய்ப்பைச் சொல்ல முடியாது. தரவுத்தாளில் இருக்கும் எல்.டி. 50 தீங்குத்தன்மையின் ஒரு பக்கத்தை அளக்கும் எண். அது கிணற்றின் ஆழத்தைச் சொல்கிறதே தவிர, கட்டு இருக்கிறதா என்பதைச் சொல்லவில்லை.

அளவும் விளைவும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பழமொழி சொல்கிறது. ஐரோப்பாவில் பரசெல்சஸ் என்ற வைத்தியர் 1538ஆம் ஆண்டில் இதே கருத்தை எழுதிவைத்தார். ஆனால் எந்த அளவு மிஞ்சிய அளவு? ஒரு குறிப்பிட்ட கோடு இருக்கிறதா, அதற்கு இந்தப் பக்கம் ஒன்றுமில்லை, அந்தப் பக்கம் சாவு என்று?

அப்படி ஒரு கோடு இல்லை. காரணம் எளியது. ஒரே அளவு நஞ்சு எல்லா உயிரையும் ஒரே மாதிரித் தாக்குவதில்லை. ஒரே கள்ளைக் குடித்த இருவரில் ஒருவர் தள்ளாடுவார், மற்றவர் நேராக நடந்து வீட்டுக்குப் போவார். எலிகளுக்குள்ளும் அப்படித்தான். சில எலிகள் சிறிய அளவுக்கே சாகும். சில மிகப் பெரிய அளவையும் தாங்கும். அநேகமானவை இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

1927ஆம் ஆண்டுக்கு முன்பு ஆய்வாளர்கள் "கொல்லக்கூடிய மிகக் குறைந்த அளவு" எது என்று தேடினார்கள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் வந்தது. வராமல் என்ன செய்யும்? அந்த எண் முழுக்க முழுக்கக் கூட்டத்தில் மிகவும் பலவீனமான ஒரு எலியைப் பொறுத்தது. இன்றைக்குக் கூட்டில் அப்படி ஒன்று இருந்தால் எண் குறையும், இல்லாவிட்டால் எண் கூடும். அந்த ஆண்டில் டிரெவன் என்ற பிரித்தானிய ஆய்வாளர் வேறு வழி சொன்னார். ஓரத்தைத் தேடவேண்டாம், நடுவைத் தேடுங்கள். கூட்டத்தில் சரிபாதி சாகும் அளவு எது என்று பாருங்கள் என்றார். அதுதான் எல்.டி. 50, அதாவது இடைய மரண அளவு. பள்ளிக்கூடத்தில் படித்த இடையம் என்ற சொல்தான் இது.

நடு ஏன் நல்லது என்பதை வரைபு போட்டால் கண்ணாலேயே காணலாம். அதை இப்போது செய்வோம்.

ஒரு கணக்கு

கீழே வரும் எண்கள் எந்தப் பொருளின் உண்மை எண்களும் அல்ல. கணக்கு விளங்குவதற்காக நாங்கள் எடுத்துக்கொண்டவை. ஆனால் உண்மையான பரிசோதனை இந்த விதமாகத்தான் நடந்தது.

ஐந்து கூடுகள். கூட்டுக்குப் பத்து எலி. ஒவ்வொரு கூட்டுக்கும் ஓர் அளவு. எலியை நிறுத்து, ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்குப் பார்த்து வாயால் கொடுப்பார்கள். பிறகு வழக்கமாகப் பதினான்கு நாள் பார்த்திருப்பார்கள். முடிவு இப்படி வந்தது என்று வைப்போம்:

200 மி.கி./கி.கி.: 10 இல் 0 சாவு
400 மி.கி./கி.கி.: 10 இல் 1 சாவு
800 மி.கி./கி.கி.: 10 இல் 4 சாவு
1600 மி.கி./கி.கி.: 10 இல் 8 சாவு
3200 மி.கி./கி.கி.: 10 இல் 10 சாவு

அளவுகள் கூட்டிக் கூட்டிப் போகவில்லை, இரட்டித்து இரட்டித்துப் போகின்றன என்பதைக் கவனியுங்கள். உடல் பெரும்பாலும் அளவை அப்படித்தான் உணர்கிறது. 200இலிருந்து 400க்குப் போவது பெரிய மாற்றம். 3000இலிருந்து 3200க்குப் போனால் கூடுவது அதே 200தான், ஆனால் அதை உடல் பெரிதாக அறியாது. ஆகவே வரைபுத்தாளில் கீழ்க்கோட்டில் இந்த ஐந்து அளவுகளையும் சம தூரத்தில் குறிக்க வேண்டும். மடக்கை அட்டவணை படித்தவர்களுக்கு விளங்கும், இது அளவின் மடக்கையைக் குறிப்பதுதான். நிற்கும் கோட்டில் நூற்றுக்கு எத்தனை சாவு என்று குறியுங்கள்: 0, 10, 40, 80, 100.

ஐந்து புள்ளிகளையும் ஒரு வளைகோட்டால் இணைத்தால், சரித்து இழுத்துவிட்ட ஆங்கில எழுத்து எஸ் போல ஒரு வடிவம் வரும். தொடக்கத்தில் தரையோடு படுத்திருக்கும், நடுவில் செங்குத்தாக ஏறும், முடிவில் மறுபடி படுக்கும். இதற்குப் பெயர் அளவு-விளைவு வளைகோடு.

இனி, நிற்கும் கோட்டில் 50 என்ற இடத்திலிருந்து ஒரு கிடைக்கோடு இழுங்கள். அது வளைகோட்டை வெட்டும் இடத்திலிருந்து கீழே இறங்குங்கள். 800க்கும் 1600க்கும் இடையில் வந்து நிற்பீர்கள். எவ்வளவு தூரத்தில்? 40இலிருந்து 80க்கு ஏற 40 புள்ளி. நாம் ஏறவேண்டியது 10 புள்ளி. ஆகவே கால் படி. ஆனால் 800க்கும் 1600க்கும் இடையில் கால் பங்கு 200 என்று கூட்டி 1000 என்று சொல்லக்கூடாது. நமது படி இரட்டிப்புப் படி. இரண்டின் நான்காம் மூலம் ஏறக்குறைய 1.19. 800ஐ அதால் பெருக்கினால் 951 வரும். எல்.டி. 50 ஏறக்குறைய 950 மி.கி./கி.கி. இவ்வளவுதான் வேலை.

நடு ஏன் நல்லது என்று கேட்டோம் அல்லவா? வளைகோட்டின் படுத்த வால் பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஒரு எலி கூடச் செத்தாலும் குறையச் செத்தாலும், "அந்தச் சாவு வீதத்துக்குரிய அளவு" என்று நாம் இறங்கும் இடம் கீழ்க்கோட்டில் நெடுந்தூரம் ஓடிவிடும். செங்குத்தான நடுவில் ஒரு எலியின் வித்தியாசம் எண்ணைக் கொஞ்சம்தான் அசைக்கும். மிகவும் உறுதியாக அளக்கக்கூடிய இடம் என்பதால்தான் 50 தேர்ந்தெடுக்கப்பட்டது. பாதிச் சாவு வரைக்கும் பரவாயில்லை என்பதற்காக அல்ல.

ஒரு எண்ணல்ல, ஒரு இடைவெளி

950 என்று எழுதிவிட்டோம். அதை எவ்வளவு நம்பலாம்?

எல்லாப் புள்ளிகளையும் சேர்த்துக் கணக்கிடும் வேறொரு வழி இருக்கிறது. 1931இல் கார்பர் என்பவர் எழுதியது. சாவுப் பங்குகளைக் கூட்டுங்கள்: 0, 0.1, 0.4, 0.8, 1. மொத்தம் 2.3. அதில் அரையைக் கழித்தால் 1.8. மிக மேலான அளவாகிய 3200இலிருந்து 1.8 இரட்டிப்புப் படி கீழே இறங்கினால் எல்.டி. 50. கணக்குப் பார்த்தால் 919 வருகிறது. முதல் வழியில் 951, இந்த வழியில் 919. இரண்டும் சரி. அதே ஐம்பது எலிகள், அதே சாவுகள், எண் மட்டும் சற்று வேறு.

இன்னொரு நாள் வேறு ஐம்பது எலிகளை எடுத்திருந்தால்? இரண்டாம் கூட்டில் ஒன்றுக்குப் பதில் இரண்டு செத்திருக்கலாம், நான்காம் கூட்டில் எட்டுக்குப் பதில் ஏழு செத்திருக்கலாம். அந்தத் தற்செயலையும் கணக்கில் எடுப்பதற்குப் புள்ளிவிபரத்தில் வழி உண்டு. எங்கள் எண்களுக்கு அதைப் போட்டுப் பார்த்தால், உண்மையான இடையம் ஏறக்குறைய 670க்கும் 1260க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று மட்டுமே சொல்லலாம். மேல் எண் கீழ் எண்ணின் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஐம்பது உயிரைப் பலி கொடுத்தும் இவ்வளவுதான் துல்லியம். ஆகவே ஒரு தாளில் 900 என்றும் இன்னொரு தாளில் 1100 என்றும் கண்டால், முதலாவது நஞ்சு கூடியது என்று முடிவு கட்ட வேண்டாம். 5 என்றும் 900 என்றும் கண்டால்தான் அது பேச்சு.

இவ்வளவு எலிகளைக் கொல்லும் பழைய முறையைப் பொருளாதார ஒத்துழைப்பு நாடுகளின் அமைப்பு 2002ஆம் ஆண்டோடு தனது வழிகாட்டிகளிலிருந்து எடுத்துவிட்டது. இப்போது சில விலங்குகளோடு, படிப்படியாக அளவை ஏற்றி இறக்கி, பொருள் எந்த வகைக்குள் அடங்கும் என்று பார்க்கும் முறைகள் உண்டு. தாள்களில் இருக்கும் எண்களில் நிறைய அந்தப் பழைய காலத்தவை.

அந்த எண் சொல்லாதவை

எல்.டி. 50 ஒரு வளைகோட்டின் ஒரேயொரு புள்ளி. வளைகோட்டின் சரிவை அது சொல்வதில்லை. இரண்டு பொருட்களுக்கும் 950 என்று ஒரே எண் இருக்கலாம். ஒன்றின் கோடு சுவர்போல் செங்குத்து. 800 வரை அநேகமாக ஒன்றும் சாகாது, 1100இல் அநேகமாக எல்லாம் சாகும். மற்றதன் கோடு சாய்ந்த கூரை போல. அது 100இலேயே பத்தில் ஒன்றைக் கொல்லத் தொடங்கும். குறைந்த அளவுகளோடு பழகும் தொழிலாளிக்கு இரண்டாவதுதான் பயங்கரம். தாளில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும்.

எலி மனிதன் அல்ல என்பது அடுத்தது. எல்லார் வீட்டிலும் இருக்கும் பரசிற்றமோலை எடுத்துக்கொள்ளுங்கள், பனடோல் என்று நாம் சொல்வது. அதன் தரவுத்தாளில் எலிக்கு 1944, சுண்டெலிக்கு 338 என்று இருக்கும். இரண்டும் கொறிக்கும் பிராணிகள், ஒன்றுக்கொன்று உறவு. அப்படியிருந்தும் ஏறக்குறைய ஆறு மடங்கு வித்தியாசம். எலியின் எண்ணை 60 கிலோ மனிதருக்குப் பெருக்கினால் 116 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசைகள் இருநூறுக்கு மேல் வரும். உண்மையில் வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் எடுக்கக்கூடிய ஆகக் கூடிய அளவு 4 கிராம், எட்டுக் குளிசை. எலிக் கணக்கு சொல்வதைவிட மிகமிகக் குறைந்த அளவிலேயே மனித ஈரல் பழுதாகிறது. முதல் நாள் ஆள் நல்லாக இருப்பது போலத் தெரியும், பாதிப்பு பிறகுதான் வெளியே வரும். காய்ச்சலுக்குப் பனடோலும், அதே மருந்து கலந்த தடிமன் மருந்தும் சேர்த்து எடுப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். கூட எடுத்துவிட்டதாகத் தெரிந்தால் அறிகுறி வரும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

மூன்றாவது, அந்த எண் சாவை மட்டும் எண்ணுகிறது. சாகாத எலி தப்பிய எலியாகக் கணக்கில் விழும். அதன் ஈரல் கெட்டதா, நரம்பு கெட்டதா, இரண்டு வருடத்தில் புற்றுநோய் வருமா என்பதெல்லாம் அந்தப் பதினான்கு நாளில் தெரியாது.

நான்காவது, வழி. வாய்வழி என்று எழுதியிருந்தால் அது வாய்வழிக்குத்தான். வேலைத்தலத்தில் யார் திரவத்தைக் குடிக்கிறார்கள்? மூச்சாலும் தோலாலும்தான் உள்ளே போகிறது. இந்த நான்காவதுதான் ஆட்களைக் கொன்றது. அதைப் பார்ப்போம்.

குளியலறையில் செத்த பதின்மூன்று பேர்

பழைய பெயின்றை உரிக்கும் திரவங்கள் பலவற்றில் மெதிலீன் குளோரைட் என்ற பொருள் இருந்தது. டைகுளோரோமெதேன் என்பதும் அதுதான். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன 1600 என்ற எண் அதற்காக எழுதப்படும் எண்களில் ஒன்று. வேறு தாள்களில் 2000க்கு மேல் என்றும் இருக்கும். வாய்வழி அளவில் 300க்கும் 2000க்கும் இடைப்பட்ட பொருட்கள் நான்காம் வகை. மண்டையோட்டுப் படம்கூட வராது, ஆச்சரியக்குறிப் படம்தான் வரும். அந்த எண்ணை மட்டும் பார்ப்பவர் இதைச் சாதாரணப் பொருள் என்றுதான் நினைப்பார்.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டிலிருந்து 2011 வரை குளியல் தொட்டிகளின் பழைய பூச்சை உரித்து மறுபூச்சுப் போடும் தொழிலாளர் பதின்மூன்று பேர் இந்தப் பொருளால் இறந்ததாக அந்த நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் 2012இல் அறிவித்தது. வீட்டுக் குளியலறைகளில், போதிய காற்றோட்டம் இல்லாமல், தொட்டிக்கு மேல் குனிந்து வேலை செய்தவர்கள். ஒருவரும் அதைக் குடிக்கவில்லை.

எப்படி நடந்தது என்பதற்குக் கணக்குப் பார்ப்போம். இரண்டு மீற்றர் நீளம், இரண்டு மீற்றர் அகலம், இரண்டரை மீற்றர் உயரம் உள்ள குளியலறை. கொள்ளும் காற்று 10 கன மீற்றர். கதவு பூட்டு, யன்னல் பூட்டு. தொட்டியில் 75 மில்லிலீற்றர் மெதிலீன் குளோரைட் பூசப்படுகிறது. ஒரு சிறு தேநீர்க் கோப்பை அளவுகூட இல்லை. அதன் எடை ஏறக்குறைய 100 கிராம். இது மிக விரைவாக ஆவியாகும் பொருள். எல்லாம் ஆவியானால் ஒவ்வொரு கன மீற்றர் காற்றிலும் 10 கிராம். காற்றில் பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்று, அதாவது பி.பி.எம். கணக்கில் மாற்றினால் ஏறக்குறைய 2900.

அமெரிக்க வேலைத்தல விதி எட்டு மணி நேர வேலைக்குச் சராசரி 25 பி.பி.எம். மட்டுமே அனுமதிக்கிறது. கால் மணி நேரத்துக்கு ஆகக் கூடியது 125. உயிருக்கு உடனடி ஆபத்து என்று அங்குள்ள ஆய்வு நிறுவனம் வகுத்த எல்லை 2300. ஒரு கோப்பைக்கும் குறைந்த திரவம் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது.

இப்போது எல்.டி. 50ஐ வைத்துப் பாருங்கள். 70 கிலோ மனிதருக்கு 1600 என்று பெருக்கினால் 112 கிராம். அந்த அறையில் பூசப்பட்ட முழுத் திரவமும் 100 கிராம்தான். "எல்லாத்தையும் குடிச்சாலும் பாதிச் சாவு அளவு வராது, பிறகென்ன" என்று அந்த எண் ஒருவரைத் தைரியப்படுத்தியிருக்கும். குடலுக்குள் போவது ஒரு வழி, நுரையீரலால் நேரே இரத்தத்துக்கும் மூளைக்கும் போவது வேறு வழி என்பதை அந்த எண் சொல்லவே இல்லை. இந்த ஆவி மயக்க மருந்து போல மூளையை மந்தமாக்கும். போதாததற்கு, உடலுக்குள் அதில் ஒரு பகுதி காபனோரொட்சைட்டாக மாறி இரத்தம் ஒட்சிசன் சுமப்பதையும் தடுக்கும். ஆவி காற்றைவிட மூன்று மடங்கு பாரம். ஆகவே அது அறை முழுவதும் ஒரே சீராகப் பரவாமல் தொட்டிக்குள்ளேயே தேங்கும். ஆள் மூச்சுவிடும் இடமும் அதுவேதான். நமது 2900 என்ற சராசரி, தொட்டிக்குள் இன்னும் பல மடங்காக இருக்கும். தலை சுற்றுகிறது என்று எழும்ப நினைக்கும் முன்பே சரிந்துவிடுவார்கள்.

அதே 75 மில்லிலீற்றரை ஐம்பது மீற்றர் நீளமும் இருபது மீற்றர் அகலமும் ஐந்து மீற்றர் உயரமும் உள்ள தொழிற்சாலை மண்டபத்தில் ஊற்றினால்? 5000 கன மீற்றர் காற்று. சராசரி 6 பி.பி.எம். கூட வராது. பூசுபவரின் மூக்கருகே கூடத்தான் இருக்கும், அதற்கு உறிஞ்சும் குழாய் வேண்டும். ஆனால் போத்தலில் இருப்பது அதே பொருள், அதே எண், அதே தீங்குத்தன்மை. மாறியது காற்றின் அளவு மட்டும். ஆபத்து வாய்ப்பு எங்கிருந்து எங்கே போய்விட்டது, பாருங்கள்.

அமெரிக்காவில் வீட்டுப் பாவனைக்கான உரிக்கும் திரவத்தில் இந்தப் பொருளை விற்பது 2019இல் தடுக்கப்பட்டது. 2024இல் தொழில்களில் பெரும்பாலான பாவனைகளுக்கும் தடை விதி வந்தது. ஐரோப்பாவிலும் கட்டுப்பாடு உண்டு. ஆனால் பழைய தகரங்கள் நிலவறைகளிலும் களஞ்சியங்களிலும் இருக்கின்றன. கைக்காசுக்கு வீடு திருத்தும் வேலைக்குப் போகும் எம்மவர் கையில் அவை வரலாம். முகத்தில் கட்டும் துணியும் கடதாசி முகமூடியும் ஆவியைத் தடுக்காது. சாதாரண வடிகட்டிப் பெட்டி பூட்டிய முகமூடியும் இந்தப் பொருளுக்குப் போதாது. வெளிக்காற்றைக் குழாயால் கொண்டுவரும் முகமூடிதான் வேண்டும். சாதாரண றப்பர்க் கையுறையையும் இது விரைவில் ஊடுருவும். மூக்கையும் நம்ப வேண்டாம். மணம் தெரியும் நேரத்தில் அனுமதித்த எல்லை எப்போதோ தாண்டியிருக்கும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், அவரைத் தூக்க அதே காற்றுக்குள் ஓடுபவரும் விழலாம். முதலில் அவசர உதவியை அழைத்து, கதவு யன்னலைத் திறந்து காற்று வரவிட வேண்டும்.

தாளை எந்த ஒழுங்கில் வாசிப்பது

கோவையைக் கேட்டு வாங்கினால், நேரே பதினோராம் பகுதிக்குப் போக வேண்டாம். முதலில் இரண்டாம் பகுதி. பொருள் என்னென்ன விதத்தில் தீங்கு செய்யும் என்று அங்கே இருக்கும். ஆவியால் மயக்கம், புற்றுநோய்ச் சந்தேகம், பிள்ளைத்தாய்ச்சிக்குக் கேடு என்பவை எல்.டி. 50இல் தெரியாதவை; அங்கேதான் தெரியும். மெதிலீன் குளோரைட்டை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. ஆச்சரியக்குறிப் படத்தில் அது இல்லை.

அடுத்து எட்டாம் பகுதி. காற்றில் எவ்வளவு வரை அனுமதி, எந்தக் கையுறை, எந்த முகமூடி என்று அங்கே இருக்கும். தொழிலாளிக்கு ஆக முக்கியமான பகுதி இதுதான். ஒரு பொருளுக்கு அனுமதித்த எண் 500, இன்னொன்றுக்கு 25 என்றால், எது உங்கள் யன்னலைத் திறக்கச் சொல்கிறது என்று உடனே தெரியும். கடைசியாகப் பதினோராம் பகுதி. அங்கே எல்.டி. 50 கண்டால், எந்த வழி, எந்தப் பிராணி என்ற இரண்டையும் சேர்த்தே வாசியுங்கள். மூச்சுவழிக்கு எல்.சி. 50 என்று தனியே ஒரு எண் இருக்கும். அது உடல் எடைக்குக் கணக்கிட்டதல்ல, காற்றில் உள்ள செறிவு. அதன் பக்கத்தில் எத்தனை மணி நேரம் என்றும் எழுதியிருக்கும்.

தாள் இந்த நாட்டு மொழியில்தான் இருக்கும். மொழி விளங்காவிட்டாலும் பகுதிகளின் இலக்கங்கள் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். 2, 8, 11. பள்ளிக்கூடம் போகும் உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி அந்த மூன்று பகுதியையும் வாசிக்கச் சொல்லலாம். பிறகு போர்மனிடம் கேட்கவேண்டியது "இது நஞ்சா?" என்றல்ல. அதற்கு அவர் இல்லை என்றுதான் சொல்லுவார், எலிக் கணக்கின்படி அது பொய்யும் ஆகாது. "இந்த அறையில் காற்று எங்கால வருது, எங்கால போகுது? எட்டாம் பகுதியில் போட்டிருக்கிற முகமூடி எங்கே?" என்று கேளுங்கள்.